தொட்டால் இணையும் ஹெட்போன்: அந்தத் தொடுதலில் நடப்பது என்ன?

கேள்வி: ஹெட்போனில் உள்ள என்எஃப்சி குறியில் போனை வைத்தால் ப்ளூடூத் தானாக இணைகிறதே, எப்படி? வேறு எதையெல்லாம் இப்படி இணைக்கலாம்?

உங்கள் ஹெட்போன் ஒழுங்காக இணைகிறது என்று நினைக்கிறேன், அதனால்தான் ஆர்வமாகக் கேட்கிறீர்கள். என் சித்தப்பாவின் ஹெட்போன் இணையவில்லை. இதை நான் கற்றுக்கொண்டது அதனால்தான்.

தொடும்போது பாட்டு எதுவும் என்எஃப்சி வழியாகப் போவதில்லை. போகிற விஷயம் ஒரு முகவரி மட்டும். ஹெட்போன் காதுமூடிக்குள் ஒரு டேக் ஒட்டியிருக்கும்: மெல்லிய கம்பிச் சுருள், நடுவில் கடுகளவு சிப். அதற்கு பேட்டரி கிடையாது. போனில் உள்ள சுருள் 13.56 மெகாஹெர்ட்ஸில் உண்டாக்கும் காந்தப்புலமே அந்தச் சிப்புக்கு மின்சாரம் கொடுக்கிறது. 4 செ.மீ. தாண்டினால் அந்தப் புலம் போதாது. அதனால்தான் ஒட்டிவைக்கச் சொல்கிறார்கள். சிப் விழித்ததும் "என் ப்ளூடூத் முகவரி இது, என் பெயர் இது" என்று சொல்லிவிடுகிறது. அதோடு என்எஃப்சியின் வேலை முடிந்தது. போன் அந்த முகவரியை ப்ளூடூத்தில் கூப்பிடுகிறது. பட்டியலில் தேடித் தட்டும் வேலை நமக்கு இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். சில விலையுயர்ந்த கருவிகளில் டேக்கும் உள்ளே இருக்கும் போர்டும் பேசிக்கொள்ளும், அது தெரியும். நான் சொல்வது சாதாரண ஒட்டுடேக் கதை.

சித்தப்பா ஹெட்போனுக்கு ஒரு சர்வீஸ் கடையில் போர்டு மாற்றினார்கள். அதன்பிறகு போனை வைத்தால் அதிர்கிறது, "இணைக்கவா?" என்று கேட்கிறது, சரி கொடுத்தால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு முடியவில்லை என்கிறது. கடைக்காரர் "சார், உங்க போன்லதான் கோளாறு" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா புது போன் வாங்கவே கிளம்பிவிட்டார். நான்தான் "இருங்க சித்தப்பா, பார்த்துடலாம்" என்றேன்.

போன் அதிர்ந்தது என்றால் டேக்கைப் படித்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் என்எஃப்சி பக்கம் பழுதில்லை. ப்ளூடூத் பட்டியலில் கையால் தேடி இணைத்தால் உடனே இணைந்தது. அப்போ ப்ளூடூத்தும் சரி. டேக் படிக்கும் ஆப் ஒன்றை வைத்துப் பார்த்தேன். இந்த வகைக் குறிப்பு இருந்தது:

```
application/vnd.bluetooth.ep.oob
```

அதன் உள்ளே முதல் இரண்டு பைட் நீளம், அடுத்த ஆறு பைட் முகவரி. முகவரி பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருக்கும், திருப்பிப் படிக்க வேண்டும். திருப்பிப் படித்து, போனின் ப்ளூடூத் விவரப் பக்கத்தில் காட்டிய முகவரியோடு ஒப்பிட்டால் இரண்டும் வேறு. போர்டு புதிது, அதன் முகவரியும் புதிது. டேக்கோ பழைய காதுமூடியிலேயே ஒட்டிக்கொண்டு, குப்பைக்குப் போன போர்டின் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. டேக் பூட்டப்பட்டிருந்ததால் அதில் திருத்த முடியவில்லை. வெற்று டேக் ஸ்டிக்கர் ஒன்றில் புது முகவரியை எழுதி, மறுபக்கக் காதுமூடியில் ஒட்டினேன். பழையதன் மேலேயே ஒட்டினால் போன் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. இப்போது தொட்டதும் இணைகிறது. "போர்டு மாற்றியவர்தான் டேக்கையும் மாற்றியிருக்க வேண்டும்" என்று நான் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். வாடிக்கையாளரின் போனைக் குறை சொல்லும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம்.

போன் அதிரவே இல்லை என்றால் கதை வேறு. திரை பூட்டியிருந்தால் ஆண்ட்ராய்டு பெரும்பாலும் டேக்கைப் படிக்காது. உலோக உறையும் புலத்தைத் தடுக்கும். போனின் சுருள் பெரும்பாலும் பின்பக்கம் கேமரா அருகிலோ நடுவிலோ இருக்கும், மெதுவாக நகர்த்திப் பாருங்கள்.

எதையெல்லாம் இணைக்கலாம் என்றால், இந்தக் குறி உள்ள ஸ்பீக்கர், ஹெட்போன் எல்லாம் ப்ளூடூத்துக்குத் தாவும். சில கேமராக்களும் பிரிண்டர்களும் இதே முறையில் வைஃபைக்குத் தாவும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு டேக்கில் எழுதி வாசலில் ஒட்டிவைத்தால் விருந்தாளியின் ஆண்ட்ராய்டு போன் தொட்டதும் சேரும். ஐபோன் டேக் படிக்கும், ஆனால் இந்த ப்ளூடூத் குறிப்பை வைத்து ஹெட்போனை இணைத்துக்கொள்ளாது. அதில் கையால்தான் இணைக்க வேண்டும். டப்பாவைத் திறந்ததும் திரையில் படம் காட்டும் இயர்பட் பெரும்பாலும் என்எஃப்சி அல்ல, அது ப்ளூடூத்தின் சொந்த அறிவிப்பு.

இன்னொன்று, மனதில் கிடக்கிறது. வெளிநாட்டில் என்எஃப்சியோடு விற்கும் சில போன்களை அதே பெயரில் இங்கே என்எஃப்சி இல்லாமல் விற்கிறார்கள். பெட்டியில் பெரிதாக எங்கும் போடுவதில்லை. கடையிலேயே செட்டிங்ஸைத் திறந்து NFC என்று தேடிப் பார்த்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள்.