சோலார் போட்டால் கரண்டு பில் பூஜ்யம் ஆகுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் தாமான் வீட்டில் இருக்கிறோம். மாமியார் வீட்டிலேயே தோசை மாவு அரைத்து விற்கிறார். அதற்கு கிரைண்டரும் பெரிய ஃப்ரீசரும் உண்டு. ராத்திரியில் இரண்டு ஏர்கான் ஓடும். மாதம் 780 யூனிட், 330 வெள்ளிக்கு மேல் பில் வருகிறது. ஒரு கம்பெனிக்காரர் வந்து, 5 கிலோவாட் சோலார் போட 23,500 வெள்ளி, அதில் அரசாங்கம் 4,000 வெள்ளி மானியம் தரும், பில் பூஜ்யம் ஆகிவிடும், பராமரிப்பே வேண்டாம் என்கிறார். மீட்டர் இறந்துபோன மாமனார் பேரில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள், சகோதரி. நானும் கூரையில் சோலார் பொருத்தும் தொழிலில் இருப்பவன்தான். உங்கள் வீட்டுக்கு சோலார் ஒத்துவரும். ஆனால் அந்தக் கம்பெனிக்காரர் சொன்ன கணக்கு ஒத்துவராது.

முதலில் அந்த 4,000 ரிங்கிட். அப்படியொரு ஊக்கத்தொகை உண்மையிலேயே இருந்தது. சோலாரிஸ் என்ற திட்டத்தில் 2024-இல் கிலோவாட்டுக்கு 1,000 ரிங்கிட் வீதம், அதிகபட்சம் 4,000 வரை கொடுத்தார்கள். அது 2025-இலேயே முடிந்துவிட்டது. வீடுகளுக்கான பழைய நெம் ராக்யாட் திட்டமும் 2025 ஜூன் 30-உடன் நின்றது. 2026 ஜனவரி முதல் நடப்பது சோலார் அடாப் என்ற புதிய திட்டம். பழைய துண்டுப் பிரசுரத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மானியத்தைக் கழித்து விலை சொல்பவரிடம், "கழிக்காத விலையை எழுதிக் கொடுங்கள், மானியம் வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு மாறிவிடும்.

அடுத்து பில் பூஜ்யம் ஆகுமா என்பது. பழைய திட்டத்தில் நீங்கள் வெளியே அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழித்தார்கள். மிச்சம் இருந்தால் அடுத்த மாதத்துக்கும் போகும். புதிய திட்டத்தில் அப்படி இல்லை. பகலில் கூரையில் உற்பத்தியாகி, அதே நேரத்தில் வீட்டிலேயே செலவாகும் மின்சாரம் மீட்டரைத் தொடுவதே இல்லை, அதன் முழு விலையும் உங்களுக்கு மிச்சம். செலவாகாமல் தெனாகா கம்பிக்குப் போகும் மின்சாரத்துக்கு மின்சக்திக் கட்டணம் மட்டும், அதாவது யூனிட்டுக்கு 27.03 சென், பில்லில் கழியும். அந்த மாதத்துக்குள் கழியாதது காலாவதி. ஆனால் நீங்கள் தெனாகாவிடம் வாங்கும் யூனிட்டுக்கு 2025 ஜூலையில் வந்த புதிய கட்டணப்படி 44.43 சென். அதில் 27.03 மின்சக்திக்கு, மீதி 17.40 சென் கொள்ளளவுக் கட்டணமும் கம்பித்தடக் கட்டணமும். வெளியே அனுப்பிய யூனிட் அந்த 17.40 சென்னைத் தொடாது. ஏர்கான் ராத்திரியில் ஓடுகிற வீட்டில் பூஜ்யம் எப்படி வரும்?

ஆகவே உங்கள் வீட்டில் பகலில் எவ்வளவு செலவாகிறது என்பதுதான் தெரிய வேண்டியது. அதற்குக் கம்பெனிக்காரர் தேவையில்லை. ஒரு வாரம் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். 780 யூனிட் வீட்டில் ஒரு நாளைக்கு 26 யூனிட் போகும். ஃப்ரீசரும் கிரைண்டரும் பகலில் ஓடுவதால் அதில் 10 யூனிட் பகலில், 16 யூனிட் ராத்திரியில் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்குப் பகலில் 300 யூனிட். மழை, மேகம், விடியற்காலை என்று சோலார் கைவிடும் நேரம் போக, அதில் சுமார் 250 யூனிட்டை சோலார் தாங்கும்.

இனி 4 கிலோவாட் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் மாதம் 110 யூனிட் அளவுக்குத் தரும். ஆக 440 யூனிட். 250 வீட்டில் செலவாகும், 190 வெளியே போகும். தெனாகாவிடம் வாங்குவது 780-இலிருந்து 530-ஆகக் குறையும். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 600 யூனிட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் கிடையாது, 8 விழுக்காடு சேவை வரியும் கிடையாது. சிக்கனத்துக்கான தள்ளுபடியும் கூடும். 780 யூனிட்டில் யூனிட்டுக்கு 4 சென்னாக இருக்கும் அந்தத் தள்ளுபடி, 530-க்கு வந்தால் 10.5 சென். இப்போது சுமார் 335 ரிங்கிட் வரும் பில், வாங்குகிற 530 யூனிட்டுக்கு 183 அளவுக்கு வரும். வெளியே அனுப்பிய 190 யூனிட்டுக்கு 51 ரிங்கிட் கழித்தால் 132. எரிபொருள் விலையை ஒட்டி மாதாமாதம் ஏறி இறங்கும் தொகையை இதில் நான் சேர்க்கவில்லை. மாதம் 200 ரிங்கிட் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். 4 கிலோவாட் 18,000 ரிங்கிட்டுக்குக் கிடைத்தால் ஏழரை ஆண்டில் போட்ட பணம் திரும்பும்.

அந்த ஐந்தாவது கிலோவாட் உங்களுக்கு எதற்கு? அதில் வரும் 110 யூனிட்டில் ஏறக்குறைய எல்லாமே வெளியேதான் போகும். மாதம் 30 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். அதற்கு இன்னும் 4,000 ரிங்கிட் கேட்டால் அந்தப் பணம் மட்டும் திரும்பவே பதினோரு, பன்னிரண்டு ஆண்டாகும். விற்பவருக்குப் பெரிய சிஸ்டத்தில்தான் லாபம், அது அவர் பிழைப்பு. உங்களுக்கு 4 போதும். மாறாக, மாமியாரிடம் சொல்லி மாவு அரைப்பதைக் காலை பத்துக்கும் மதியம் மூன்றுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துணி துவைக்கும் மெஷினும் அந்த நேரத்தில் ஓடட்டும். செலவில்லாமல் லாபம் கூடும். மாதம் 250 யூனிட்டுக்குள் செலவு செய்யும் வயதானவர்கள் வீட்டில் பில்லே 50 ரிங்கிட்டை ஒட்டித்தான் வரும். அங்கே சோலார் போடச் சொல்லி யார் வந்தாலும் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

காகித வேலைக்கு வருவோம். மாமனார் பேரில் மீட்டர் இருக்கும்வரை விண்ணப்பம் நகராது. தெனாகா வாடிக்கையாளர் யாரோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். முதலில் கெடாய் தெனாகாவுக்குப் போய்க் கணக்கை மாமியார் பேரிலோ உங்கள் கணவர் பேரிலோ மாற்றுங்கள். இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் ஆகியவற்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள், புதிய கணக்குக்கு வைப்புத்தொகையும் கேட்பார்கள். இதை முடிக்காமல் சோலார் கம்பெனிக்கு முன்பணம் கொடுத்தால் உங்கள் பணம்தான் அங்கே தூங்கும்.

கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது செடா என்கிற நிலையான எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்தில் பதிந்தவரா என்று அவர்கள் இணையப் பட்டியலில் பாருங்கள். பதிந்த கம்பெனிதான் உங்கள் சார்பில் செடாவில் விண்ணப்பம் போடும். ஒப்புதல் வந்த பிறகுதான் கூரை மேல் ஆள் ஏற வேண்டும். வேலை முடிந்ததும் தகுதிபெற்ற மின்பணியாளர் கையெழுத்திட்ட ஜி பாரமும் எச் பாரமும் வாங்கி வையுங்கள். ஒன்று வேலையை மேற்பார்வை செய்து முடித்ததற்கு, இன்னொன்று சோதித்துப் பார்த்ததற்கு. அதன் பிறகு தெனாகா வந்து இரு திசையும் எண்ணும் மீட்டராக மாற்றும்.

மீட்டர் மாறும் முன் சோலாரை ஓடவிடக் கூடாது. "பரவாயில்லை, போடுங்கள், இப்போதே லாபம் வரட்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. சில பழைய டிஜிட்டல் மீட்டர்கள் வெளியே போகும் மின்சாரத்தையும் நீங்கள் வாங்கியதாகவே எண்ணிவிடும். வெயில் நன்றாக அடித்த மாதத்தில் பில் கூடி வந்தால் காரணம் அதுதான். அதனால் பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ஒப்புதல் வந்ததும் ஒரு பகுதி, கூரை வேலை முடிந்ததும் ஒரு பகுதி, கடைசிப் பகுதி புது மீட்டர் ஓட ஆரம்பித்த பிறகு. இதற்கு ஒத்துக்கொள்ளாத கம்பெனியோடு உங்களுக்கு வேலையில்லை.

பராமரிப்பே வேண்டாம் என்பதும் பாதி உண்மை. சரிவான கூரையில் மழையே பெருமளவு கழுவிவிடும். ஆனால் செம்மண் சாலைத் தூசியும், செம்பனை ஆலைப் புகையின் கரியும், மைனா எச்சமும் அப்படிப் போகாது. ஒரு பலகையின் ஓரத்தில் காய்ந்த எச்சம் ஒட்டினால் அந்தப் பலகையின் உற்பத்தி மட்டுமல்ல, பலகை மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் சாதாரண வகை என்றால் அதோடு தொடராக இணைந்த வரிசையின் உற்பத்தியும் சேர்ந்து குறையலாம். கழுவுவதென்றால் காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, வெறும் தண்ணீரும் மெல்லிய துடைப்பானும் போதும். சோப்பு வேண்டாம், அழுத்த நீர்க்குழாய் வேண்டாம், நீங்களே கூரை மேல் ஏறவும் வேண்டாம். பலகைகளுக்கும் ஓட்டுக்கும் நடுவில் பறவை கூடு கட்டாமலும் எலி கேபிளைக் கடிக்காமலும் சுற்றிலும் கம்பி வலை அடிக்கச் சொல்லுங்கள். பின்னால் அடிப்பதைவிட முதலிலேயே அடிப்பது மலிவு. பொருத்தி முடித்த பிறகு முதல் பெரிய மழையில் டார்ச் எடுத்துச் சிலிங் ஓரங்களைப் பாருங்கள். ஓடு ஏதாவது ஆள் மிதித்து விரிசல் விட்டிருந்தால் அங்கே ஈரம் தெரியும்.

மறந்துவிடாதீர்கள், கரண்டு போனால் சோலாரும் நின்றுவிடும். பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர் தெனாகா கம்பியில் மின்சாரம் இல்லை என்றால் தானே அணைந்துகொள்ளும், கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக. மாவு ஃப்ரீசரை மின்வெட்டிலிருந்து சோலார் காப்பாற்றும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்.

நம் பேராக்கில் இடிக்கும் மின்னலுக்கும் குறைவில்லை. அதனால் மின்னெழுச்சித் தடுப்பான் பலகையிலிருந்து வரும் டிசி பக்கம் ஒன்று, வீட்டுக்குப் போகும் ஏசி பக்கம் ஒன்று என்று விலைப்பட்டியலில் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். பலகைகள் 25 ஆண்டு உழைக்கும். இன்வெர்ட்டர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான். நடுவில் ஒருமுறை அதை மாற்ற மூவாயிரம், நாலாயிரம் ரிங்கிட் ஒதுக்கி வையுங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, உடைந்தால் யார் கழற்றி எடுத்துப் போவது, கூலி யாருடையது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புது மீட்டர் வந்த பிறகு மாதாமாதம் இன்வெர்ட்டர் ஆப்பில் காட்டும் உற்பத்தியை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். 440-ஐ ஒட்டி ஏறி இறங்கினால் நல்லது. மழை அவ்வளவு இல்லாத மாதத்திலும் 350-க்குக் கீழே போனால் அழுக்கோ கேபிளோ பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள், பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.