சங்கக் கூட்டத்தில் மழைநீர் பற்றிப் பேச நிற்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வந்த கேள்விகள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சங்கத்தில் இதைப் பேசப்போகிறவர்களுக்கு முதலிடம்.

மகாராஜநகர்: அண்ணாச்சி, 12 வீடு. மொட்டைமாடி 4,000 சதுர அடி. கூட்டத்தில் பேச எனக்கு 5 நிமிடம்தான் தருவார்கள். எதிலிருந்து ஆரம்பிக்க?

உங்கள் கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கிற மழைநீர்க் குழியிலிருந்து. 2003-ல் அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதனால் நீங்கள் வாயைத் திறந்ததும் ஒருவர், "நம்மகிட்டதான் ஏற்கெனவே இருக்கே" என்பார். அதோடு கூட்டம் முடிந்துவிடும். அவர் சொல்லுமுன் நீங்கள் சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழியின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மேலே சருகு, அதற்குக் கீழே களிமண் மாதிரி இறுகிப்போன ஒரு படலம், அப்புறம்தான் ஜல்லி. ஹோஸ் போட்டு ஓர் அடி உயரம் தண்ணீர் நிறுத்தி, அது வடிய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி என்றால் ஓர் அடித் தண்ணீர் சுமார் 300 லிட்டர். அரை மணியில் வடிந்தால் மணிக்கு 600 லிட்டர் குடிக்கிற குழி அது.

இப்போது மாடியைப் பாருங்கள். 4,000 சதுர அடி ஏறக்குறைய 370 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் கொட்டினால் 11,000 லிட்டர் வரும். தளம் நனைய, தெறிக்க, வழிய என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் சுமார் 9,000 லிட்டர். குழி குடிப்பது 600. மிச்சமெல்லாம் கேட் வழியாகத் தெருவுக்குப் போகிறது. இதைத்தான் சொல்லப் போகிறீர்கள். பேச்சு இப்படி இருக்கலாம்:

"போன ஞாயிறு நம்ம குழியில தண்ணி ஊத்திப் பாத்தோம். நல்ல மழையில ஒரு மணி நேரத்துல நம்ம மாடியில 9,000 லிட்டர் விழுது. குழி 600 லிட்டர்தான் இழுக்குது. மத்தது தெருவுக்குப் போகுது. மாடிக் குழாயைத் திருப்பி, முதல்ல வடிகட்டி, அப்புறம் நம்ம சம்ப், அது நிறைஞ்சா குழின்னு விட்டா, அந்த 9,000 லிட்டர்ல பெரும்பகுதி நம்ம சம்புக்கு வரும். 12 வீட்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை நாள் தண்ணி."

வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் என்று வைத்துத்தான் ஒன்றரை நாள் சொன்னேன். உங்கள் வீடுகளின் செலவைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். நம் பக்கத்தில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்து போய்விடும். தென்மேற்குக் காலத்தில் தென்காசிப் பக்கம் சாரல் விழும்போது பாளையங்கோட்டையில் காற்றுதான். சித்திரை வைகாசிக்கு லாரி வரத்தான் செய்யும். "இனி லாரியே வேண்டாம்" என்று நீங்கள் சொல்லிவிட்டால் அடுத்த மே மாதக் கூட்டத்தில் உங்களைத்தான் கேட்பார்கள்.

பெருமாள்புரம்: எவ்வளவு செலவாகும்?

எத்தனை வடிகுழாய், அவற்றை ஒரு பக்கம் சேர்க்க எத்தனை அடி, தரையை உடைக்க வேண்டுமா, இதைப் பொறுத்தது. ஒரே பிளம்பரிடம் கேட்காமல் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டி, எழுதி வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.

தியாகராஜநகர்: எல்லாக் குழாயையும் நேராக போருக்குள் விட்டால் செலவு மிச்சம்தானே?

விடாதீர்கள். மாடியில் புறா எச்சம், தூசி, சருகு எல்லாம் இருக்கிறது. வடிகட்டாமல் போரில் விட்டால் மண் போய்ப் பாறை வெடிப்பை அடைக்கும். அழுக்கு நேரே நிலத்தடி நீரில் சேரும், அது பக்கத்து வீட்டுக்காரர் போருக்கும் போகும். எத்தனை தடவை கேட்டாலும் இதற்கு என் பதில் இதுதான்.

வண்ணார்பேட்டை: அண்ணாச்சி, நான் இந்த வேலைதான் செய்றேன். போரில் விட்ட இடங்களில் மறு வருஷமே தண்ணீர் ஏறியிருக்கு. சுக்கான் கல் தட்டின இடத்தில் உங்கள் குழி ஒண்ணும் குடிக்காதே?

நீங்கள் சொல்வதில் பாதி சரி. மேலேயே சுக்கானோ பாறையோ தட்டினால் குழி வேலை செய்யாது, அந்த இடத்தில் ஆழமாகத்தான் விட வேண்டும். ஆனால் தண்ணீர் ஏறியது உங்கள் குழாயாலா, அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்ததாலா? பக்கத்தில் எதுவும் செய்யாத ஒரு போரை அளந்து பார்த்தால்தான் தெரியும். அளந்தீர்களா?

வண்ணார்பேட்டை (மறுபடி): அளக்கலை. ஆனா வத்திப்போன போரைச் சும்மா மூடி வைக்கிறதுக்கு, மணல் ஜல்லித் தொட்டி கட்டி அதுவழியா விடலாம்ல?

வற்றிய போர், நல்ல வடிகட்டித் தொட்டி, வருஷம் ஒருமுறை மணலை அள்ளிக் கழுவ ஆள். மூன்றும் இருந்தால் நானும் மறுக்க மாட்டேன். மூன்றாவதுதான் சங்கங்களில் நடப்பதில்லை. அதனால்தான் எனக்குத் தயக்கம். வேலை நடக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்கள், நான் பார்த்த இடங்களில் நடக்கவில்லை. இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்.

கே.டி.சி. நகர்: எங்கள் தனி வீட்டில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறோம். தொட்டிச் செடிக்கு மழைநீர் நல்லதா?

நல்லது. ஆனால் செடித்தொட்டியில் வடிகிற மண்ணும் உரமும் மாடிக் குழாய் வழியாகத்தான் இறங்கும். அந்தப் பகுதித் தண்ணீரைச் சம்புக்கு விடாதீர்கள்.

மேலப்பாளையம்: முதல் மழையைத் தள்ளிவிட வேண்டும் என்கிறார்களே, எவ்வளவு? யார் திறந்து மூடுவது?

இரண்டு மில்லிமீட்டர் அளவு போனால் மாடி ஓரளவு கழுவிவிடும். மகாராஜநகர் கணக்கில் 740 லிட்டர். அதற்குச் சம்புக்கு முன்னால் ஒரு வால்வு வைத்து, தெருப்பக்கம் திறந்தே வைத்திருக்க வேண்டும். மழை பிடித்துச் சில நிமிடம் கழித்து, குழாயில் வருவது தெளிந்ததும் சம்புப் பக்கம் திருப்ப வேண்டும். வாட்ச்மேனுக்குக் காட்டிக் கொடுங்கள், இரவு மழைக்கு யார் என்பதையும் கூட்டத்திலேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அது முடிவாகாவிட்டால் சம்ப் வேண்டாம், குழியை மட்டும் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று. மழை இல்லாத நாளில் வடிகுழாயின் அடியில் போய் நில்லுங்கள். சோப்பு நுரையோ ஈரமோ இருந்தால், யாரோ வாஷிங் மெஷின் தண்ணீரை அந்தக் குழாயில் இணைத்திருக்கிறார்கள். அதைப் பிரிக்காமல் சம்புக்குத் திருப்பினால் முதல் வாரத்திலேயே சண்டை வரும்.

டவுன்: எவ்வளவு செலவாகும் என்று சொல்லவில்லையே?

மேலே பெருமாள்புரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பாளையங்கோட்டை: 2023 டிசம்பரில் தண்ணீர் தெருவெல்லாம் நின்றது. அந்த மழைக்கு இந்தத் தொட்டியும் குழியும் என்ன செய்யும்?

அன்றைக்கு ஒன்றும் செய்யாது. அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அவ்வளவு மழைக்கு எந்தச் சம்பும் காணாது. இதை வெள்ளத்துக்கு மருந்தாகக் கூட்டத்தில் சொன்னால் அங்கேயே எதிர்ப்பு வரும். ஐப்பசி கார்த்திகையில் வருகிற சாதாரண மழைக்குத்தான் இந்த ஏற்பாடு. அதிகம் வந்தால் வழிந்து தெருக் கால்வாய்க்குப் போக ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் குழியை மட்டும் நம்பினால் தண்ணீர் தரைத்தள வீட்டுக்காரர் வாசலில் நிற்கும். அவர் ஓட்டு உங்களுக்குக் கிடைக்காது.

மகாராஜநகர் (மறுபடி): அண்ணாச்சி, குழியில் ஊற்றிப் பார்த்தோம். ஓர் அடி வடிய நாலு மணி ஆச்சு.

அப்படியென்றால் மணிக்கு 75 லிட்டர்தான். மேலே உள்ள படலத்தையும் ஜல்லியையும் வெளியே எடுத்து, ஜல்லியைக் கழுவி, இரண்டடி கிளறிப் பார்த்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். அப்போதும் அதே கதை என்றால் கீழே சுக்கான் இருக்கலாம், வண்ணார்பேட்டைக்காரர் சொன்ன இடம் அது. கூட்டத்தில் அந்த 75-ஐயே சொல்லுங்கள், பேச்சுக்கு அதுவே போதும்.