‘தெரபியூட்டிக் கிரேடு’ – மார்க் போடுவது யார்?

கேள்வி: எசென்ஷியல் ஆயில் பாட்டிலில் ‘தெரபியூட்டிக் கிரேடு’ என்று போட்டிருக்கிறது. மருந்துத் தரம் என்று அர்த்தமா? நேரடி விற்பனையில் இருக்கும் தோழி சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

மருந்துத் தரம் என்று அர்த்தம் இல்லை. அப்படி ஒரு தரத்தை வரையறுத்து, சோதித்து, முத்திரை குத்தும் அரசு அமைப்போ பொது அமைப்போ கிடையாது. விற்கிறவர்களே வைத்துக்கொண்ட பெயர் அது. நேரடி விற்பனை நிறுவனமான டோடெரா முன்பு போட்டுவந்த ‘சர்டிஃபைட் ப்யூர் தெரபியூட்டிக் கிரேடு’ அவர்களே பதிவு செய்துகொண்ட வணிகக் குறி. பரீட்சை எழுதுகிறவரே விடைத்தாளையும் திருத்துகிற மாதிரி. அதற்காக உள்ளே இருப்பது மட்டமான சரக்கு என்றும் சொல்லிவிட முடியாது. நல்ல எண்ணெயாகவே இருக்கலாம், ஆனால் அந்தச் சொல்லை வைத்து அது தெரியாது.

வேறு எதை வைத்துத் தெரியும்? நான் வாசனை எண்ணெய்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் சில வருடம் இருந்தவன். தெரிந்த அக்கா ஒருவர் லாவண்டர் எண்ணெய் கொண்டுவந்தார். தலைவலி, தூக்கமின்மை, சர்க்கரை எல்லாவற்றுக்கும் கேட்கும் என்றார். “இந்த பேட்ச்சோட ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட் வாங்கித் தாங்கக்கா” என்றேன். எண்ணெயில் என்னென்ன வேதிப்பொருள் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் சோதனை அது. முதலில் வந்தது பூ படம் போட்ட ஒரு பிடிஎஃப். ‘100% தூய்மை’ என்று இருந்ததே தவிர பேட்ச் எண் இல்லை. அது விளம்பரம். திரும்பக் கேட்ட பிறகுதான் பாட்டிலின் அடியில் இருந்த எண்ணோடு பொருந்தும் ரிப்போர்ட் வந்தது.

பெரிய பட்டியல்தான், ஆனால் லாவண்டருக்கு மூன்று வரி பார்த்தால் போதும். லினலூல் 33%, லினலைல் அசிடேட் 29%. இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல், சரி. அப்புறம் கற்பூரம்: 7%. அங்கேதான் நின்றேன். நிஜ லாவண்டரில் கற்பூரம் பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டாது. இவ்வளவு இருந்தால் அது லாவண்டின், அதாவது லாவண்டரின் கலப்பினச் செடி. அதே நிலத்தில் அதிக எண்ணெய் தரும் என்பதால் விலையும் குறைவு. லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். தாவரப் பெயர் ‘லாவண்டுலா’ என்று மொட்டையாக நின்றது. அசல் என்றால் ‘லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா’ என்று முழுசாக இருக்கும். கலப்படம் என்று சொல்ல மாட்டேன். சுத்தமான லாவண்டின், லாவண்டர் விலையில்.

இந்தச் சோதனையும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. ஆலையில் தயாரித்த லினலைல் அசிடேட்டை அளவாகச் சேர்த்தால் சதவீதம் கச்சிதமாகப் பொருந்தும். அந்த மூலக்கூறுக்கு வலக்கை, இடக்கை மாதிரி இரண்டு வடிவம் உண்டு. இயற்கையில் வரும் மூலக்கூறு ஏறக்குறைய முழுக்க ஒரே ‘கை’யாக இருக்கும், ஆலையில் வருவது வலமும் இடமும் பாதிப் பாதி. அதைப் பிரித்துப் பார்க்க கைரல் சோதனை என்று தனியாக ஒன்று உண்டு.

சரி, எல்லாச் சோதனையிலும் தேறிய எண்ணெய் என்றே வைத்துக்கொள்வோம். சுத்தம் என்பதிலிருந்து ‘குணமாக்கும்’ என்பதற்கோ, ‘ஆபத்தில்லை’ என்பதற்கோ தாவ முடியாது. விண்டர்கிரீன் எண்ணெயைப் பாருங்கள். கிட்டத்தட்ட முழுக்க ஆஸ்பிரினுக்கு உறவான மெதில் சாலிசிலேட்தான். ஒரு டீஸ்பூன் குடித்தால் சுமார் 7 கிராம் ஆஸ்பிரின் விழுங்கியதற்குச் சமம். குழந்தையைக் கொல்லப் போதும். அங்கே சுத்தம்தான் பிரச்சினையே. ‘எங்க எண்ணெய் சுத்தம், தண்ணியில ரெண்டு சொட்டு விட்டுக் குடிக்கலாம்’ என்பதைக் கேட்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். தோலில் நேரடியாகத் தடவித் தடிப்பு வந்தால் ‘நச்சு வெளியேறுது’ என்பார்கள். அது பெரும்பாலும் எரிச்சலோ ஒவ்வாமையோதான். உடனே நிறுத்த வேண்டும். தொடர்ந்து தடவினால் ஒவ்வாமை நிரந்தரமாகவே தங்கிவிடலாம்.

நேரடி விற்பனையில் கவனிக்க வேண்டியது, லேபிள் சொல்வதற்கும் வாய் சொல்வதற்கும் உள்ள இடைவெளி. நிறுவனம் லேபிளில் நோயின் பெயரை எழுதாது. எழுதினால் சட்டப்படி அது மருந்தாகிவிடும், மருந்தென்றால் நிரூபிக்க வேண்டும். அந்த வேலையைக் கீழே உள்ள விற்பனையாளரின் வாய் செய்துவிடுகிறது. 2014இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, யங் லிவிங், டோடெரா இரண்டுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது இதற்குத்தான். அவர்களுடைய விற்பனையாளர்கள் எபோலா, புற்றுநோய் வரை இணையத்தில் எழுதியிருந்தார்கள்.

அதனால் உங்கள் தோழியிடம் சண்டை வேண்டாம். சொன்ன நோயின் பெயர் நிறுவனத்தின் சொந்த லேபிளில் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டச் சொல்லுங்கள். நானும் அக்காவிடம், “சர்க்கரைக்குக் கேட்கும்னு ஒரு வரி வாட்ஸாப்பில் எழுதி அனுப்புங்கக்கா” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “எழுத்துல குடுக்கக் கூடாதுன்னு மீட்டிங்ல சொல்லியிருக்காங்கப்பா” என்றார்.