திருமணம் பற்றிக் கேட்டவரிடம் அவகாசம் கேட்பது எப்படி?

"மூன்று வருடமாகப் பழகுபவர், திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டார். மனம் நோகாமல் அவகாசம் கேட்டு எப்படி எழுதுவது?"

பதில் சொல்லும் நாளைக் குறித்துக் கொடுத்துவிட்டு யோசிப்பதுதான் அவகாசம் கேட்பது. கேட்டவரை வாட்டுவது தாமதத்தைவிட, எதற்காக, எதுவரை என்று தெரியாததுதான். பஸ் ஏழு மணிக்கு என்று தெரிந்தால் நிம்மதியாக டீ குடிப்போம். தெரியாவிட்டால் பத்து நிமிடமும் சாலையையே பார்த்து நிற்போம்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"நேற்று நீ கேட்டது எனக்குச் சந்தோஷம். உன்மேல் தயக்கம் இல்லை. அம்மாவைத் தனியே விட்டுக் கோவைக்கு வருவதைத்தான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை. அடுத்த மாதம் 15-ஆம் தேதி நேரில் சொல்கிறேன். அதுவரை வழக்கம்போல் பேசுவோம்."

இரண்டாவது வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். தயக்கம் அவரைப் பற்றியது என்றால், "நம் இருவரைப் பற்றியே எனக்கு இன்னும் தெளிவு வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். வேலை, ஜாதகம் என்று சாக்கு சொன்னால், பாவம், அவர் அந்தச் சாக்கைத் தீர்த்துவைக்க ஓடுவார். குறித்த நாளில் முடிவு வராவிட்டாலும், அன்றே அதைச் சொல்ல வேண்டும்.

அவகாசம் கேட்டாலே மறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள்; பெரும்பாலும் அப்படி முடிவது நாளும் காரணமும் இல்லாத "பார்க்கலாம்"தான்.