விரிவுரைப் பதிவிலிருந்து நினைவு அட்டைகள்: கேள்வி பதில்

ஒரு மணி நேர விரிவுரையின் எழுத்துவடிவம் கையில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பிழை பார்ப்பதிலிருந்து. மென்பொருள் தானாக எழுதித் தரும் வடிவத்தில் ஒலி நெருங்கிய கலைச்சொற்களும் எண்களும் ‘இல்லை’, ‘ஆகாது’ போன்ற எதிர்மறைகளும்தான் பெரும்பாலும் பிசகுகின்றன. சிறுநீரகம் பற்றிய விரிவுரை ஒன்றில் நான் பட்டதைச் சொல்கிறேன். சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சான குளோமருலஸுக்குள் இரத்தத்தைக் கொண்டுவருவது அஃபெரன்ட் நுண்தமனி, வெளியே கொண்டுசெல்வது எஃபெரன்ட். “எஃபெரன்ட் சுருங்கினால் வடிகட்டும் வேகம் கூடும்” என்று ஆசிரியர் சொன்னது, எழுத்தில் ‘அஃபெரன்ட்’ என்று விழுந்திருந்தது. படிக்கும்போது வாக்கியம் சிறிதும் உறுத்தவில்லை. அதை அட்டையாக்கி மூன்று வாரம் தவறாமல் பயின்றேன். அதே விரிவுரையிலிருந்து எழுதிய வேறோர் அட்டை அதற்கு நேர்மாறாகச் சொன்ன பிறகுதான் ஒலிப்பதிவைத் திறந்து கேட்டேன். கூடும், குறையும் என்று திசை சொல்லும் ஒவ்வோர் அட்டைக்கும் பதிவின் நிமிடக் குறிப்பை மூலையில் எழுதிவையுங்கள்.

அந்தப் பகுதியை நீங்கள் எப்படி அட்டையாக்குவீர்கள்? எழுதிக் காட்ட இயலுமா?

எழுத்துவடிவத்தில் இருந்தது இதுதான்: “இப்போ இது சுருங்குச்சுன்னா இங்க அழுத்தம் ஏறும், வடிகட்டுறது கூடும், ரொம்ப சுருங்கினா கதையே வேற.” ‘இது’, ‘இங்க’ என்பவை படத்தைச் சுட்டிச் சொன்னவை. முதல் வேலையாக அவற்றுக்கு உரிய பெயர்களை இட வேண்டும். அதன் பிறகு, ஒரு கேள்விக்கு ஒரே விடை என்ற அளவில் பிரிப்பேன்:

எஃபெரன்ட் மிதமாகச் சுருங்கினால் வடிகட்டும் வேகம்? கூடும்.
ஏன்? வெளியேறும் வழி குறுகி, குளோமருலஸில் அழுத்தம் ஏறுவதால்.
அஃபெரன்ட் சுருங்கினால்? குறையும்.
எஃபெரன்ட் மிகவும் சுருங்கினால்? குறையும். இரத்த ஓட்டம் தளர்ந்து, உள்ளே எஞ்சும் புரதத்தின் செறிவு ஏறி, நீரைத் திரும்ப இழுக்கிறது.

“கதையே வேற” என்று ஆசிரியர் ஒதுக்கிவிட்டுப் போன இடத்தில்தான் நான்காவது அட்டை கிடைத்தது. விடையைப் பாடநூலில் தேடி எடுத்தேன். இவை தனித்தனித் துண்டுகள் என்பதால், அவற்றைச் சேர்த்துப் பார்க்கப் பயிற்சிக் கேள்வி ஒன்றும் வேண்டும்: இரு சிறுநீரகத் தமனிகளும் குறுகிய ஒருவருக்கு ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோனைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் வடிகட்டும் வேகம் ஏன் சரிகிறது? ஆஞ்சியோடென்சின் எஃபெரன்டைச் சுருக்கி அழுத்தத்தைக் காத்துவந்தது என்பதை நீங்களாக எட்டிப் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு எதற்கு? எழுத்துவடிவத்தில் உள்ள வாக்கியத்தில் ஒரு சொல்லை மறைத்தால் அட்டை தயார். ஒரு மணி நேரத்தில் இருநூறு செய்தேன். ஏறக்குறைய எல்லாமே சரியாக வருகின்றன.

சரியாக வருவதுதான் எனக்கு ஐயம் தருகிறது. சில நாளில் நீங்கள் வாக்கியத்தின் சாயலை அடையாளம் கண்டு விடை சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். பத்து அட்டைகளை வேறு சொற்களில் மாற்றி எழுதி, ஒரு நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை தேறுகின்றன என்று பாருங்கள்.

கேட்கச் சொன்னேன். ஆறு தேறின. ஆனால் தவறிய நான்கும் காரணம் கேட்பவை. பெயர்களுக்கு என் முறை போதும்.

பெயர்களைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். நான்கு தவறியதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி.

நான் சட்ட மாணவி. எங்களுக்குப் பிரிவின் சொற்கள் மாறாமல் வர வேண்டும். “வேறு சொற்களில்” என்ற அறிவுரை எங்களுக்குப் பொருந்தாது.

சட்டவாசகத்துக்குச் சொல் மறைக்கும் அட்டையே ஏற்றது, ஆனால் அதை விரிவுரையிலிருந்து எடுக்காமல் மூலத்திலிருந்து எடுங்கள். பேசுபவர் நினைவிலிருந்து சொல்லும்போது ‘மற்றும்’ என்பது ‘அல்லது’ ஆகிவிடக்கூடும். வாசகம் மனப்பாடமான பிறகும் அதை ஒரு வழக்கில் பொருத்திப் பார்க்கும் கேள்வி தேவை என்பது என் கருத்து. நீங்கள் உடன்பட மாட்டீர்கள் என்று தெரிகிறது.

ஒரு விரிவுரைக்கு எத்தனை அட்டைகள் எழுத வேண்டும்?

இதே கேள்வி மூன்றாம் முறையாக வருகிறது. நாள்தோறும் திருப்பிப் பார்க்க முடிகிற அளவு.

எந்த ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம்?

அது என் துறை அன்று.

அட்டையைவிடத் திரும்பத் திரும்பப் படித்தால்தான் எனக்கு நன்றாக நிற்கிறது.

படித்து முடித்த சூட்டில் அப்படித்தான் தோன்றும். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிகே இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். இரண்டு நாளும் ஒரு வாரமும் கழித்துப் பார்த்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

நாளை மறுநாள் தேர்வு. இருபது விரிவுரைகள் மீதம். இப்போது எத்தனை அட்டைகள் எழுதலாம்?

நான்காம் முறை. ஒன்றும் எழுத வேண்டாம். ஒவ்வொரு விரிவுரைக்கும் “ஏன்” என்று தொடங்கும் மூன்று கேள்விகளைத் தாளில் குறித்து, எழுத்துவடிவத்தை மூடிவிட்டு விடை எழுதுங்கள். தடுமாறிய இடத்தை மட்டும் திறந்து படியுங்கள். அந்த இடத்தில் ‘கூடும்’, ‘குறையும்’ என்று இருந்தால் ஒலியையும் கேளுங்கள்.