பணம் திரும்பும் என்று மெயில் வந்தது, பணம் வரவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

துணி துவைக்கும் இயந்திரம் பழுதாக வந்தது. செப்டம்பர் 21 அன்று கிரெடிட் கார்டில் 1,289 ரிங்கிட்டும் அனுப்பும் கட்டணம் 35 ரிங்கிட்டும் கட்டியிருந்தேன். பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். "முழுப் பணமும் 14 வேலை நாட்களில் கிடைக்கும்" என்று அக்டோபர் 8-இல் மெயில் வந்தது. இன்று அக்டோபர் 31. போன் செய்தால் "ப்ரோசஸில் இருக்கிறது" என்கிறார்கள். நான்கு பக்கம் கோபமாக எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா? (செந்தூல் வாசகர்)

அனுப்பாதீர்கள். கோபம் தவறு என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த நான்கு பக்கத்தில் மூன்று பக்கமாவது இயந்திரம் எப்படிப் பழுதாக வந்தது என்ற கதையாகத்தான் இருக்கும். அந்த விவகாரம் அக்டோபர் 8-ஆம் தேதியே முடிந்துவிட்டது. பணம் தருகிறோம் என்று அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் பழுதை மறுபடி விவரித்தால், படிக்கும் ஊழியர் அதைப் புதுப் புகாராக எண்ணி "ஆய்வு செய்கிறோம், படம் அனுப்புங்கள்" என்று தொடங்குவார். உங்கள் கையில் இருக்கும் பலமான சீட்டு அந்த மெயில்தான். அதை மட்டும் போடுங்கள்.

முதலில் கணக்கு. மெயில் வந்த மறுநாள், அக்டோபர் 9, முதல் நாள். 17-ஆம் தேதி வெள்ளியோடு ஏழு நாள் ஆகிறது. 20-ஆம் தேதி திங்கள் தீபாவளி, அது சேராது. 21-இலிருந்து எண்ணினால் பதினான்காவது நாள் அக்டோபர் 29, புதன். கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும் விடுமுறை. ஆனால் கிளந்தான், திரெங்கானு, கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நிறுவனத்தின் அலுவலகம் அங்கே இருந்தால் கணக்கு சற்று மாறும். இந்தத் தேதியை நீங்களே கண்டுபிடித்து எழுதுவது முக்கியம். "ரொம்ப நாளாகிவிட்டது" என்றால் எத்தனை நாள் என்று பேச்சு இழுபடும். "29-ஆம் தேதி முடிந்தது" என்றால் மறுத்துப் பேச இடமில்லை.

அடுத்து, கார்டு கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் தொகை கடையின் பெயரில் வராமல், பணம் வாங்கித் தரும் இடைநிறுவனத்தின் பெயரில் வருவதுண்டு. தொகையை வைத்துத் தேடுங்கள். 1,324 கிடைக்காவிட்டால் 1,289-ஐயும் தேடுங்கள், அனுப்பும் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை மட்டும் போட்டிருக்கலாம்.

கடிதம் இந்த அளவு போதும். மலாயிலோ ஆங்கிலத்திலோ அனுப்புங்கள், வரிசை மட்டும் மாறாமல் இருக்கட்டும்.

> தலைப்பு: ஆர்டர் எண் (உங்கள் எண்), 1,324 ரிங்கிட்: பணம் அனுப்பிய தேதியும் பரிவர்த்தனை எண்ணும் தேவை
>
> வணக்கம். முழுப் பணமும் 14 வேலை நாட்களில் கிடைக்கும் என்று அக்டோபர் 8 அன்று எழுதியிருந்தீர்கள். முழுப் பணம் என்பது பொருளுக்கு 1,289, அனுப்பும் கட்டணம் 35, ஆக 1,324 ரிங்கிட். தீபாவளி விடுமுறையைக் கழித்து எண்ணினாலும் அந்தத் தவணை அக்டோபர் 29-இல் முடிந்தது. இன்றுவரை பணம் வரவில்லை.
>
> பணத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால், அனுப்பிய தேதி, தொகை, கார்டு பரிவர்த்தனையின் 23 இலக்க ஏ.ஆர்.என். எண் மூன்றையும் தெரிவியுங்கள். இன்னும் அனுப்பவில்லை என்றால், எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று எழுதுங்கள்.
>
> நவம்பர் 7, வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் இதே மெயிலில் பதில் எதிர்பார்க்கிறேன். கார்டின் கடைசி நான்கு இலக்கம் (எண்). நன்றி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நவம்பர் 7 என்பது பணத்துக்கான கெடு இல்லை, பதிலுக்கான கெடு. பணம் அனுப்புவது கணக்குப் பிரிவின் கையில் இருக்கிறது. மெயிலைப் படிப்பவரால் ஒரே வாரத்தில் அதை நடத்திவிட முடியாது. ஆனால் தேதியும் எண்ணும் கேட்டு வாங்கி எழுத அவரால் முடியும். முடிகிற காரியத்தைக் கேட்டால்தான் "கூடிய விரைவில்" என்ற வழக்கமான பதில் பொருந்தாமல் போகும். "அனுப்பிவிட்டீர்களா, இல்லையா" என்று இரண்டு வாசல் வைத்ததும் அதற்காகத்தான்.

கார்டு எண் முழுவதையும் மெயிலில் எழுதாதீர்கள். மற்றபடி "மிகவும் வருந்துகிறேன்", "ஏமாற்றுக்காரர்கள்" இரண்டுமே வேண்டாம்.

ஆதார எண் கேட்டேன், கொடுத்தார்கள். பேங்கில் காட்டினால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்கிறார்கள். யார் பொய் சொல்வது? (பட்டர்வொர்த் வாசகர்)

பெரும்பாலும் யாரும் பொய் சொல்லவில்லை. உங்களுக்குக் கிடைத்தது புகார் எண். அது அந்த நிறுவனத்தின் கணினிக்குள் மட்டுமே செல்லும், பேங்குக்கு அதில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் "ஆதார எண்" என்று பொதுவாகக் கேட்காமல், எந்த எண் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கார்டில் கட்டியிருந்தால் வேண்டியது ஏ.ஆர்.என். கடையின் பேங்க், விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாக உங்கள் பேங்குக்குப் பணத்தை அனுப்பும்போது ஒட்டும் 23 இலக்க எண் அது. அந்த எண்ணிலேயே தேதி ஒளிந்திருக்கிறது. இடமிருந்து எட்டாவது முதல் பதினொன்றாவது இலக்கம் வரை பாருங்கள். 5297 என்று இருந்தால், 5 என்பது 2025, 297 என்பது அந்த ஆண்டின் 297-ஆவது நாள், அதாவது அக்டோபர் 24. "போன மாதமே அனுப்பிவிட்டோம்" என்று சொல்லிவிட்டு நேற்றைய தேதியுள்ள எண்ணைக் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும். பொய் என்று எழுத வேண்டியதில்லை. "எண்ணின்படி அக்டோபர் 24-இல் அனுப்பியிருக்கிறீர்கள், பேங்கில் விசாரிக்கிறேன்" என்று எழுதினால் போதும்.

எண் சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்றால், இனி கடையைத் துரத்திப் பயனில்லை. கார்டு கொடுத்த பேங்கை அழைத்து அந்த எண்ணைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். மாறாக, கடை எண்ணே தர முடியாமல் இழுத்தால், பணம் இன்னும் கடையை விட்டுக் கிளம்பவே இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டிய உடனேயே ஆர்டர் ரத்தானால், பேங்க் பிடித்து வைத்த தொகையை விடுவிப்பதோடு முடிந்துவிடும். அதற்கு ஏ.ஆர்.என். இருக்காது.

பேங்க் கணக்கிலிருந்து இணையத்தில் நேரடியாகக் கட்டும் எஃப்.பி.எக்ஸ். வழியாகக் கட்டியவர்களுக்குக் கதை வேறு. அங்கே பணம் வந்த வழியே தானாகத் திரும்பாது. கடை உங்கள் பேங்க் கணக்குக்குத் தனியாக அனுப்ப வேண்டும். எனவே கேட்க வேண்டியது பணம் அனுப்பிய தேதியும் அந்த அனுப்புதலின் எண்ணும், முடிந்தால் அனுப்பிய ரசீதின் படமும். இங்கே தடங்கல் வருவது பெரும்பாலும் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகுவதால்தான். நீங்கள் கொடுத்த எண்ணைத் திரும்பிப் பாருங்கள்.

பணம் என்று எழுதியவர்கள் இப்போது அதே தொகைக்கு வவுச்சர் அனுப்பியிருக்கிறார்கள். (பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

தொடாதீர்கள். ஒரு ரிங்கிட்டுக்குப் பயன்படுத்தினாலும் ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். "ஏற்கிறேன்" என்ற பட்டனையும் அழுத்தாதீர்கள். அன்றே இரண்டு வரி எழுதுங்கள்: "வவுச்சரை நான் கேட்கவில்லை, ஏற்கவும் இல்லை. முதல் மெயிலில் சொன்னபடி கட்டிய கார்டுக்கே பணத்தை அனுப்பும் தேதியைத் தெரிவியுங்கள்." பேசாமல் விட்டுவிடுவதுதான் இதில் ஆபத்து.

பதில் வராததால் தினமும் ஒரு மெயில் அனுப்புகிறேன். சரிதானே? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

சரியில்லை. புதிதாக அனுப்பும் ஒவ்வொரு மெயிலும் புதுப் புகாராகப் பதிவாகலாம், ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊழியரிடம் போகலாம். பணம் தருவதாகச் சொன்ன அந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். அப்போது அவர்கள் வாக்குறுதி உங்கள் கடிதத்துக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டு வரும். பதில் ஏற்காத முகவரியிலிருந்து வந்திருந்தால், அந்த மெயிலை இணைத்து வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு ஒரே ஒரு முறை அனுப்புங்கள். போனில் பேசினால், பேசிய தேதி, நேரம், சொன்ன சொல் மூன்றையும் அன்றைக்கே அதே மெயிலில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

பேஸ்புக்கில் போடுவேன், போலீசுக்குப் போவேன் என்று எழுதலாமா? சும்மா கேட்டால் அசைய மாட்டார்கள் போலிருக்கிறது. (ஜார்ஜ்டவுன் வாசகர்)

முதல் கடிதத்தில் எந்த மிரட்டலும் வேண்டாம். நீங்கள் வைத்த கெடு தாண்டியபின் இரண்டாவது கடிதத்தில் ஒரே ஓர் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். நான்கைந்து இடங்களை அடுக்கினால் இவர் எங்கும் போக மாட்டார் என்று கடிதத்தைப் படிப்பவர் முடிவு செய்துவிடுவார். போலீஸ் என்று எழுதவே வேண்டாம், தவணை தவறிய பணம் பொதுவாக அவர்கள் வேலை இல்லை.

சொல்ல வேண்டிய இடம் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்தது. 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கைகளை எடுக்கும், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போராங் 1 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதில் பலர் தடுக்கி விழுவது நிறுவனத்தின் பெயரில்தான். கடைப் பலகையில் இருக்கும் பெயர் வேறு, பதிவுப் பெயர் வேறாக இருக்கும். ரசீதில் பதிவுப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இரண்டாவது கடிதத்திலேயே கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பார்த்ததும் நீங்கள் எதற்குத் தயாராகிறீர்கள் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும், மிரட்டவே தேவையில்லை. படிவம் நிரப்பத் தயக்கமாக இருந்தால், உங்கள் ஊரிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, மெயில்களை அச்செடுத்து எடுத்துப் போங்கள்.

கார்டில் கட்டியவர்கள் இன்னொரு கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். பணம் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராத கடைமீது உங்கள் பேங்க் வழியாகச் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைக் கடையிடமிருந்து திருப்பி எடுத்துத் தரும்படி, கேட்கலாம். அதற்கான தவணை வழக்கமாக 120 நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் வேறுபாடு இருப்பதால், பணம் கட்டிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன செந்தூல் வாசகருக்கு, செப்டம்பர் 21-இலிருந்து எண்ணினால் அது 2026 ஜனவரி 19-இல் முடிகிறது. கடையின் இனிய பதில்களுக்கு நடுவே இந்தத் தேதி கடந்துவிடக் கூடாது. பேங்கிடம் கொடுக்க வேண்டிய ஆதாரம், பணம் தருவதாகச் சொன்ன மெயிலும் தேதியும் எண்ணும் கேட்ட உங்கள் கடிதமும். அந்தக் கடிதம் சுருக்கமாக இருந்தால், பேங்க் ஊழியரும் கடைசிவரை படிப்பார்.