விலைப்புள்ளியில் வரி தனி என்று எழுதுவது எப்படி?

“மர மேசைக்கு 40,000 ரூபாய் என்று கொட்டேஷன் கொடுத்தேன், பில்லில் ஜிஎஸ்டியும் லாரி வாடகையும் சேர்ந்ததும் வாடிக்கையாளர் மறுக்கிறார். எப்படி எழுதியிருக்க வேண்டும்?”

வணக்கம். “வரிகள் தனி” என்று அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போடாமல், விலைக்கு நேர் கீழேயே “இவ்விலையில் ஜிஎஸ்டி சேரவில்லை, 18 சதவீதம் கூடுதல்” என்று எழுதுங்கள். அதையடுத்து பேக்கிங், லாரி வாடகை, பொருத்தும் கூலி ஆகியவற்றைத் தொகையோடு குறிப்பிடுங்கள்.

பலர் தவறவிடுவது இதுதான்: பேக்கிங்கையும் வாடகையையும் நீங்களே வசூலித்தால் அவையும் மேசையின் மதிப்போடு சேர்வதால், அவற்றுக்கும் அதே 18 சதவீத வரி உண்டு. பேக்கிங் 1,000, வாடகை 3,000 என்றால், வரி 40,000 ரூபாய்க்கு அல்ல, 44,000 ரூபாய்க்கு. அதாவது வரி 7,920, மொத்தம் 51,920 ரூபாய். இந்த மொத்தத்தையும் கடைசி வரியில் காட்டிவிடுங்கள். வாடிக்கையாளரே லாரி பிடித்து வாடகை கொடுப்பதானால், அது உங்கள் பில்லில் வராது என்பதையும் எழுதுங்கள்.